நான்கு மருந்து, ஒரு மாத்திரை: கீரப்பாளையம் கேட்க வேண்டிய கேள்விகள்

தமிழ்நாட்டில் 2020இல் நடந்த ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பு, வயது வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு இரத்தக் கொதிப்பு இருப்பதாகச் சொன்னது. அவர்களில் பிரஷர் கட்டுக்குள் இருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தான். மருந்து இல்லாத ஊரல்ல நம்முடையது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆனாலும் ஒருவருக்கு இரண்டு மூன்று மாத்திரை என்றால், ஒன்று தீர்ந்துபோகும், இன்னொன்று மறந்துபோகும், மூன்றாவது ‘இன்றைக்கு உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது’ என்று நின்றுபோகும். இந்த இடத்தில்தான் பாலிபில் நுழைகிறது. பிரஷர் மருந்து இரண்டோ மூன்றோ, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் ஒன்று, சிலவற்றில் ஆஸ்பிரினும் சேர்த்து ஒரே மாத்திரையாகவோ கேப்சூலாகவோ வருவதுதான் அது.

இந்தக் கட்டுரை பாலிபில்லுக்கு எதிரானதல்ல. அதற்கான ஆதாரம் வலுவானது என்பது என் கருத்து. சிதம்பரத்திலிருந்து சேத்தியாத்தோப்புக்குப் போகும் சாலையில் இருக்கும் கீரப்பாளையம் போன்ற ஓர் ஊரில் அது எப்படிக் கைமாறும், எங்கே தவறும் என்பதுதான் என் கவலை.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். 2003இல் லண்டனைச் சேர்ந்த நிக்கோலஸ் வால்ட், மால்கம் லா என்ற இரு ஆய்வாளர்கள் இதயநோயையும் பக்கவாதத்தையும் 80 சதவீதத்துக்கு மேல் தடுக்கலாம் என்று எழுதினார்கள். 55 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் ஒரே மாத்திரை என்பது அவர்கள் முன்வைத்த வழி. அந்தக் கணக்கின் உயிர்நாடி பாதி அளவு என்ற எண்ணத்தில் இருக்கிறது. 354 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஒரு பிரஷர் மருந்தை முழு அளவில் கொடுத்தால் மேல் அழுத்தம் சராசரியாக 9 புள்ளி இறங்கியது. பாதி அளவில் கொடுத்தாலும் 7 புள்ளி இறங்கியது. ஆனால் பக்கவிளைவு அதே விகிதத்தில் குறையவில்லை, இன்னும் அதிகமாகக் குறைந்தது. தயசைடு வகை நீர் மாத்திரையை முழு அளவில் எடுத்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குத் தொல்லை வந்தது என்றால், பாதி அளவில் அது இரண்டு பேராகச் சுருங்கியது. ஆக, ஒரே மருந்தைக் கூட்டிக்கொண்டே போவதைவிட மூன்று மருந்தைப் பாதிப் பாதியாகக் கொடுப்பது மேல். மூன்றும் சேர்ந்து மேல் அழுத்தத்தை 20 புள்ளி வரை இறக்கும் என்பது அவர்கள் கணக்கு. நடுவயதில் 20 புள்ளி கூடினால் மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் சாகும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அதனால் 20 புள்ளி இறங்குவது சிறிய விஷயமல்ல.

காகிதத்தில் போட்ட அந்தக் கணக்கு மனிதர்களிடம் வந்தபோது என்னவாயிற்று? இதைச் சோதித்த பெரிய ஆய்வுகளில் இரண்டு நமக்கு நெருக்கமானவை. ஒன்று டிப்ஸ்-3. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியும் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகமும் முன்னின்று நடத்தியது. கலந்துகொண்ட 5,713 பேரில் ஏறக்குறைய பாதிப் பேர் இந்தியர்கள். முன்பு மாரடைப்போ பக்கவாதமோ வராதவர்கள். சிம்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம், அட்டினோலால் 100, ஹைட்ரோகுளோரோதயசைடு 25, ராமிப்ரில் 10 அடங்கிய மாத்திரை ஒரு பிரிவுக்கு, வெற்று மாத்திரை மறு பிரிவுக்கு. சராசரியாக நாலரை ஆண்டுக்கு மேல் பார்த்ததில், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் ஆயிரத்துக்கு 55 பேருக்கு வந்தன. பாலிபில் சாப்பிட்டவர்களில் 44 பேருக்கு. ஆயிரம் பேருக்கு நாலரை ஆண்டு மாத்திரை கொடுத்தால் பதினோரு பேர் தப்பிக்கிறார்கள். இன்னொன்று, ஈரானின் கோலெஸ்தான் மாகாணத்துக் கிராமங்களில் நடந்த பாலிஈரான். 236 கிராமக் குழுக்கள், ஏறக்குறைய ஏழாயிரம் பேர், ஐந்து ஆண்டு. அங்கே ஆயிரத்துக்கு 88 என்பது 59 ஆகக் குறைந்தது. அவர்களில் சிலருக்கு ஏற்கெனவே இதயநோய் இருந்தது.

எண்பது சதவீதம் என்று தொடங்கியது இருபது, முப்பது என்று நின்றதற்குக் காரணம் மாத்திரைக்குள் இல்லை. டிப்ஸ்-3இல் இரு பிரிவுக்கும் இடையே பிரஷர் வித்தியாசம் 6 புள்ளிக்குச் சற்றுக் குறைவு. 20 புள்ளி இறங்க வேண்டிய இடத்தில் 6தான். ஏனென்றால் ஆய்வு முடிவதற்குள் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். பலர் நிறுத்தியதற்குப் பக்கவிளைவு காரணமல்ல; மாத்திரை வந்து சேரத் தாமதமானதும் கொரோனாக் காலமும்தான் காரணம். பணமும் ஆட்களும் உள்ள ஒரு பன்னாட்டு ஆய்விலேயே மாத்திரை வந்து சேரவில்லை என்பதை கீரப்பாளையத்துக்காகத் திட்டம் போடுகிறவர்கள் இரண்டு முறை படிக்க வேண்டும். பாலிஈரானில் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால், ஆபத்து பாதிக்கும் கீழே போயிருந்தது.

டிப்ஸ்-3இல் இன்னொரு விவரம் இருக்கிறது. பெரும்பாலான செய்திகள் அதை விட்டுவிட்டன. ஆய்வு தொடங்கும் முன் சில வாரம் எல்லோருக்கும் குறைந்த அளவு மாத்திரை கொடுத்து, தாங்குகிறார்களா, ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று பார்த்தார்கள். அந்தப் படியில் ஏறியவர்கள் ஏழாயிரத்து ஐந்நூறுக்கு மேல். அடுத்த படிக்குப் போனவர்கள் 5,713. கால்வாசிப் பேர் அங்கேயே நின்றுவிட்டார்கள். மயக்கம், விருப்பமின்மை, மறதி என்று காரணங்கள் பல. ஆக, ‘பக்கவிளைவு குறைவு’ என்று நாம் படிப்பது சலித்து எடுக்கப்பட்டவர்களைப் பற்றிய செய்தி. கிராமத்தில் அந்தச் சல்லடை கிடையாது. அதை நாம்தான் வைக்க வேண்டும்.

சல்லடை இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை ஓர் உதாரணத்தில் பார்ப்போம். இது குறிப்பிட்ட யாருடைய கதையும் அல்ல. ஒவ்வொரு துண்டும் சாதாரணமாக நடக்கக் கூடியது. கீரப்பாளையம் பக்கத்தில் 58 வயது அம்மா ஒருவர், நடவுக்கும் களையெடுப்புக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர் என்று வைத்துக்கொள்வோம். பிரஷர் 164க்கு 98. தன்னார்வலர் வீட்டுக்கு வந்து அம்லோடிபின் 5, அட்டினோலால் 50 என்று இரண்டு அட்டை கொடுக்கிறார். தலைசுற்றல் என்று ஒரு நாள் சிதம்பரத்தில் தனியார் மருத்துவர் ஒருவரைப் பார்க்கிறார். அவர் ஒரு கேப்சூல் எழுதுகிறார். அதில் நீர் மாத்திரை 12.5, அட்டினோலால் 50, ராமிப்ரில் 5, சிம்வாஸ்டாட்டின் 20, ஆஸ்பிரின் 100. இந்தியாவில் முதலில் சோதிக்கப்பட்ட பாலிகேப் இதே கூட்டுதான். 2009இல் அதன் முடிவு வந்தது. மருத்துவரிடம் அம்மா பழைய அட்டைகளைக் காட்டவில்லை. ‘இது சத்து மாத்திரை மாதிரி, அது பிரஷர் மாத்திரை’ என்று நினைத்து இரண்டையும் சாப்பிடுகிறார்.

முதல் தவறு இங்கேயே நடந்துவிட்டது. இரண்டு இடத்திலிருந்தும் அட்டினோலால் வருகிறது, மொத்தம் 100 மில்லிகிராம். நாடித் துடிப்பு ஐம்பதுக்கும் கீழே இறங்கலாம். படியேறினால் மூச்சு வாங்கும், எழுந்து நின்றால் கண் இருட்டும். எந்தத் தலைசுற்றலுக்காக மருத்துவரிடம் போனாரோ அது கூடுகிறது. ‘பிரஷர் ஏறிவிட்டது’ என்று அம்மா இன்னும் ஒரு மாத்திரை போட்டுக்கொள்ளவும் கூடும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். மணிக்கட்டில் விரலை வைத்து ஒரு நிமிடம் எண்ணினால் போதும். பிரஷரை உட்கார வைத்து ஒரு முறையும், எழுந்து மூன்று நிமிடம் நின்ற பிறகு ஒரு முறையும் பார்க்க வேண்டும். நின்றதும் மேல் அழுத்தம் 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் மருந்து அதிகமாகிவிட்டது, அல்லது உடம்பில் நீர் வற்றிவிட்டது. சிம்வாஸ்டாட்டின் உள்ள பாலிபில்லோடு தனியாக அம்லோடிபினும் சேரும்போது இன்னொரு வரம்பும் உண்டு. அம்லோடிபின் சாப்பிடுகிறவருக்கு சிம்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, தசை சிதையும் ஆபத்து கூடும். டிப்ஸ்-3இல் கொடுத்த மாத்திரையில் இருந்தது 40. அம்லோடிபின் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்திருக்கும் ஒரு மாநிலத்தில் பாலிபில் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய எண் இது. அட்டோர்வாஸ்டாட்டின் உள்ள கூட்டாக இருந்தால் இந்தச் சிக்கல் பெருமளவு இல்லை.

இனி மே மாதத்துக்கு வருவோம். அக்னி நட்சத்திரம், நூறு நாள் வேலையில் வாய்க்கால் தூர்வாருகிறார்கள். அம்மாவுக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. ‘மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள்’ என்று எல்லோரும் சொல்லியிருப்பதால் கேப்சூலை விடாமல் விழுங்குகிறார். மூட்டுவலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்குகிறார். இப்போது சிறுநீரகத்தின் மீது மூன்று கைகள் ஒன்றாக அழுத்துகின்றன. நீர் மாத்திரை உடம்பின் நீரை வெளியேற்றுகிறது. ராமிப்ரில், சிறுநீரக வடிகட்டிக்குள் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் வெளிவாசல் இரத்தக் குழாயைத் தளர்த்திவிடுகிறது. வலி மாத்திரை உள்வாசலைச் சுருக்குகிறது. உள்ளே வரும் இரத்தம் குறைவு, வடிகட்டத் தேவையான அழுத்தமும் இல்லை. சாதாரண நாளில் எந்தத் தொல்லையும் தராத கூட்டு, உடம்பு வற்றிய இரண்டே நாளில் சிறுநீரகத்தை முடக்கலாம். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும். சிறுநீர் பாதியாகக் குறைவது, நிற்க முடியாத தளர்ச்சி, குமட்டல் ஆகியவைதான் அறிகுறி. அது வெயில் களைப்பு போலவே இருப்பதால் யாரும் அதைச் சிறுநீரகத்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. ஆஸ்பிரினும் டைக்ளோஃபெனாக்கும் சேர்ந்த வயிற்றில் புண் கசிந்தால் மலம் தார் போலக் கறுக்கும். அதையும் ‘சூடு’ என்று விட்டுவிடுவார்கள்.

வாந்தி, பேதி, சாப்பிட முடியாத காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்பதை மாத்திரை கொடுக்கும் முதல் நாளே சொல்லித்தான் அனுப்ப வேண்டும். நீர் மாத்திரையையும் ராமிப்ரில், எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் வகையையும் அந்த ஒன்றிரண்டு நாள் நிறுத்திவைத்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் குடித்து, நன்றாகச் சாப்பிடத் தொடங்கியதும் மறுபடி ஆரம்பிக்கலாம் என்று மருத்துவர்கள் பலர் சொல்வார்கள். தனித்தனி அட்டை வைத்திருக்கிறவருக்கு இது எளிது: இரண்டை வைத்துவிட்டு மற்றதைச் சாப்பிடலாம். பாலிபில் சாப்பிடுகிறவரால் அப்படிப் பிரிக்க முடியாது. முழுவதும் சாப்பிட வேண்டும், அல்லது முழுவதும் நிறுத்த வேண்டும். முழுவதும் நிறுத்தினால் அட்டினோலாலும் அதோடு நிற்கிறது. அட்டினோலால் போன்ற பீட்டா தடுப்பானைத் திடீரென்று நிறுத்தினால் துடிப்பும் பிரஷரும் பழைய அளவையும் தாண்டித் தாவலாம். இதயக் குழாயில் அடைப்பு உள்ளவருக்கு நெஞ்சுவலியும் மாரடைப்பும் வரலாம். ஒரே மாத்திரை என்ற வசதி எந்த முடிச்சில் இருக்கிறதோ, ஆபத்தும் அதே முடிச்சில்தான் இருக்கிறது. ஒன்றை மறந்தால் நான்கும் மறந்துபோகின்றன.

ஆகவே பீட்டா தடுப்பான் இல்லாத கூட்டு நம் ஊருக்குப் பொருத்தமானது என்பது என் கருத்து. அதற்கு ஆதாரம் பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கையில் பதினோரு மருத்துவமனைகளில் 700 பேரிடம் டெல்மிசார்டன் 20, அம்லோடிபின் 2.5, குளோர்தாலிடோன் 12.5 மூன்றையும் சேர்த்த ஒரு மாத்திரையை, வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டார்கள். ட்ரையம்ஃப் என்ற அந்த ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. ஆறு மாதத்தில் பிரஷர் இலக்கை எட்டியவர்கள் ஒரே மாத்திரை பிரிவில் நூற்றுக்கு 70, மற்ற பிரிவில் 55. பக்கவிளைவால் சிகிச்சையை மாற்றியவர்கள் இரு பிரிவிலும் ஏறக்குறைய சமம். நம்மைப் போன்ற உடல்வாகு, நம்மைப் போன்ற வெயில், நம்மைப் போன்ற அரசு மருத்துவமனை வரிசை. அட்டினோலாலும் ஆஸ்பிரினும் இல்லாமலே இது நடந்தது. வெயில் காலத்துக்கான எச்சரிக்கை இதற்கும் பொருந்தும், டெல்மிசார்டனும் நீர் மாத்திரையும் இதிலும் இருப்பதால். ஆனால் இதைச் சில நாள் நிறுத்துவதில் அட்டினோலாலின் ஆபத்து இல்லை.

ஆஸ்பிரினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டிப்ஸ்-3இல் பாலிபில்லோடு ஆஸ்பிரினும் சேர்ந்தபோது பலன் கூடியது உண்மை: ஆயிரத்துக்கு 58 என்பது 41 ஆயிற்று. ஆனால் 2018இல் வந்த மூன்று பெரிய ஆய்வுகள், முன்பு இதயநோய் வராதவர்களுக்கு ஆஸ்பிரின் தருவதில் கிடைக்கும் லாபத்தை இரத்தக் கசிவு பெரும்பாலும் தின்றுவிடுகிறது என்று காட்டின. கட்டுக்குள் வராத பிரஷரோடு ஆஸ்பிரின் சேர்வது இன்னும் மோசம். கை கால் இழுத்துக்கொள்ளும் பக்கவாதம் அடைப்பாலும் வரும், மூளைக்குள் இரத்தம் கசிந்தும் வரும். கசிவுக்கு முதல் காரணம் உயர்ந்த பிரஷர். எந்த வகை என்பது சி.டி. ஸ்கேன் எடுக்காமல் தெரியாது. 180க்கு 110 என்று பிரஷர் உள்ளவர், முன்பு மூளைக் கசிவு வந்தவர், வயிற்றுப்புண் உள்ளவர், தினமும் வலி மாத்திரை போடுகிறவர் ஆகியோருக்கு ஆஸ்பிரின் அடங்கிய பாலிபில் பொதுவாகக் கொடுக்கக் கூடியதல்ல. உலக சுகாதார நிறுவனம் 2023இல் பாலிபில்லை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தபோது, ஆஸ்பிரின் உள்ள கூட்டுகளோடு ஆஸ்பிரின் இல்லாத கூட்டையும் சேர்த்தது. கடையில் இரண்டும் ஒரே மாதிரியான அட்டையில் வரும். அட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், வாங்க வேண்டும்.

ஒரு நிபந்தனையில் விட்டுக்கொடுக்க முடியாது. ராமிப்ரில், எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் வகை மருந்துகள் கருவிலுள்ள குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கருத்தரிக்கக்கூடிய வயதில் இருக்கும் பெண்ணுக்கு ஊர் முழுக்கக் கொடுக்கும் பாலிபில்லை நீட்டக் கூடாது. டிப்ஸ்-3 பெண்களை 55 வயதுக்கு மேல்தான் சேர்த்தது. அந்த வயது வரம்பைப் பலன் கருதி மட்டுமல்ல, இதற்காகவும் அப்படியே வைத்துக்கொள்வது நல்லது. நாற்பது வயதுப் பெண்ணுக்குப் பிரஷர் இருந்தால் அம்லோடிபினில் தொடங்கி மருத்துவர் தனியாகப் பார்க்கட்டும்.

‘ஏழை ஊரில் இவ்வளவு சோதனைக்கு எங்கே போவது’ என்று கேட்பார்கள். போயிருக்கிறார்கள். 1990களின் கடைசியில், சென்னைக்கு வெளியே சுமார் 25,000 பேர் வாழும் கிராமங்களில் சிறுநீரக மருத்துவர் எம். கே. மணியின் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் அதைச் செய்துகாட்டியது. அந்தந்த ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாகப் போய்ப் பிரஷர் பார்த்து, சிறுநீரைச் சோதிக்க வைத்தார்கள். கண்டுபிடிக்கப்பட்டவர்களை மருத்துவர் பார்த்தார். மருந்து, அன்று கிடைத்தவற்றிலேயே மலிவானது: ரிசர்பின், ஹைட்ராலசின், ஹைட்ரோகுளோரோதயசைடு. புதிய மருந்துகளைப் பார்த்தவர்கள் இவற்றைப் பழைய காலத்துச் சரக்கு என்று ஒதுக்கியிருந்த நேரம் அது. சிகிச்சையில் இருந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் 140க்கு 90க்குள் வந்தார்கள். செலவு, அந்த மக்கள்தொகையில் தலைக்கு ஆண்டுக்கு அரை டாலருக்கும் குறைவு. அங்கே பாலிபில் இல்லை. பயிற்சி பெற்ற ஓர் ஊர்ப்பெண் திரும்பத் திரும்ப வந்து அதே கையில் பிரஷர் பார்த்தது இருந்தது. மாநில அளவில் பிரஷர் உள்ள எல்லோரிலும் நூற்றுக்கு ஏழு, அந்தக் கிராமங்களில் சிகிச்சையில் இருந்தவர்களில் தொண்ணூறுக்கு மேல் என்ற வித்தியாசத்தை வைத்துப் பார்த்தால், மாத்திரையின் வடிவத்தைவிட அந்தப் பெண்ணின் வருகைக்கு எடை அதிகம் என்றே எனக்குப் படுகிறது.

கீரப்பாளையத்தில் அந்தப் பெண் ஏற்கெனவே இருக்கிறார். மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர் அவர்தான். பாலிபில் வந்தால், அதைத் தொடங்கும் முன் அவர் செய்ய வேண்டியது அதிகமில்லை. வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும், தனியாரில் வாங்கியது உட்பட, பாயில் கொட்டிப் பார்த்து ஒரே மருந்து இரண்டு இடத்தில் இருக்கிறதா என்று எழுதுவது. மூச்சிரைப்பு, வயிற்றுப்புண், முன்பு வந்த பக்கவாதம், தினசரி வலி மாத்திரை ஆகியவற்றைக் கேட்பது. நாடியை எண்ணுவது. பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் ஒரு முறை. மாத்திரை தொடங்கி இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் மறுபடி ஒரு முறை. கிரியாட்டினின் 30 சதவீதம் வரை ஏறுவது எதிர்பார்க்கக் கூடியதே. அதற்கு மேல் ஏறினாலோ பொட்டாசியம் 5.5ஐத் தாண்டினாலோ மருத்துவர் கூட்டை மாற்ற வேண்டும். இந்த இரண்டாவது இரத்தச் சோதனைதான் பெரும்பாலும் நடக்காமல் போகும் என்று நான் பயப்படுகிறேன். முதல் சோதனைக்கு எல்லோரும் வருவார்கள். மாத்திரை ஒத்துக்கொண்டதாகத் தோன்றும் மூன்றாம் வாரத்தில் கூலியை விட்டுவிட்டு யார் வருவார்கள்? இரத்தம் எடுப்பவர் அந்தத் தெருவுக்குப் போனால்தான் அது நடக்கும்.

பிறகு மழை. 2011 டிசம்பர் 30இல் தானே புயல், 2015 வடகிழக்குப் பருவமழை வெள்ளம், 2024இல் ஃபெஞ்சல் என்று கடலூர் மாவட்டம் சாலை துண்டிக்கப்படுவதைப் பலமுறை கண்டிருக்கிறது. இந்த வெள்ளங்கள் வருவது சம்பா வயலில் நிற்கும் மாதங்களில். தனித்தனி அட்டை வாங்குகிறவருக்குச் சாலை அறுந்தால் ஒன்று தீரும், இன்னொன்று கொஞ்சம் மிஞ்சும். பாலிபில்காரருக்கு எல்லாம் ஒரே நாளில் தீரும். அதனால் அக்டோபரில் கொடுக்கும் மாத்திரையில் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக இருக்க வேண்டும். மருத்துவப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் கூட்டில் அடங்கிய ஒவ்வொரு மருந்தின் பெயரும் அளவும் தமிழில் எழுதியிருக்க வேண்டும். கேப்சூல் தீர்ந்து, முகாமில் தனித்தனி மாத்திரைகள் மட்டும் இருக்கும் நாளில், எதைக் கொடுப்பது என்று அங்கிருக்கும் நர்சுக்கு அந்த ஒரு பக்கம்தான் சொல்லும்.